விற்பனை குறைந்த காலாண்டில் லாபம் கூடியது எப்படி?

கிடங்குச்சாவி

வணக்கம். நான் கணக்குப் படித்தவன் அல்லன். உற்பத்திப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்ற மாதம்தான் நிர்வாகத்துக்கு வந்தேன். ஒரே ஒரு பொருளைச் செய்யும் சிறிய ஆலை. கடந்த மூன்று காலாண்டுகளின் லாபக் கணக்கு மேசையில் கிடக்கிறது. இரண்டு இரவுகளாகப் புரட்டியும் தலை எது வால் எது என்று தெரியவில்லை.

முதல் காலாண்டில் 6,000 செய்தோம், 6,000 விற்றோம். லாபம் 1,60,000. இரண்டாவதில் 7,500 செய்தோம், விற்றது 5,500 மட்டுமே. லாபம் 1,72,500. மூன்றாவதில் 4,000 செய்து, கிடங்கில் கிடந்ததையும் சேர்த்து 6,000 விற்றோம். லாபம் 1,20,000. தொடக்கத்தில் கிடங்கு காலி, கடைசியிலும் காலி. விற்பனை சரிந்தபோது லாபம் ஏறுகிறது, விற்பனை மீண்டபோது லாபம் விழுகிறது.

எனக்கு முன்பிருந்த கணக்காளர் விட்டுச்சென்ற இன்னொரு தாளில் அதே மூன்று காலாண்டுகளுக்கு 1,60,000, 1,32,500, 1,60,000 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. மேலே ‘மார்ஜினல்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். எது உண்மையான லாபம்? யாராவது கணக்கில் கை வைத்திருக்கிறார்களா?

விவரங்கள்: விற்பனை விலை 100. மூலப்பொருள், நேரடிக் கூலி, இயந்திரத்துக்கான மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 40. விற்கும்போது ஒன்றுக்கு 5 தரகு. ஆலை வாடகை, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம் என்று காலாண்டுக்கு 1,20,000. அலுவலகத்துக்கும் விற்பனைப் பிரிவுக்கும் நிலையாக 50,000. ஆலை இயல்பாக ஒரு காலாண்டில் 6,000 செய்யும் என்று எடுத்துக்கொண்டு ஒன்றுக்கு 20 ஆலைச் செலவு ஏற்றுகிறார்கள். மூன்று காலாண்டிலும் இவற்றில் எதுவும் மாறவில்லை.

தராசுமுள்

யாரும் கை வைக்கவில்லை, நிம்மதியாக இருங்கள். அறிக்கையில் இருப்பது அப்சார்ப்ஷன் முறை, பென்சில் தாளில் இருப்பது மார்ஜினல் முறை. அப்சார்ப்ஷன் முறையில் நிலையான ஆலைச் செலவின் ஒரு பகுதி சரக்கோடு ஒட்டிக்கொண்டு கிடங்குக்குப் போய்விடும். அதனால் அந்த முறையில் லாபம் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். வித்தியாசம் எவ்வளவு என்றால், இறுதிச் சரக்கிருப்பை 20-ஆல் பெருக்குங்கள். இரண்டாம் காலாண்டில் 2,000 மீதம், ஆக 40,000. 1,32,500-உடன் 40,000 சேர்த்தால் 1,72,500. கதை முடிந்தது.

கிடங்குச்சாவி

நன்றி. ஆனால் மூன்றாம் காலாண்டின் இறுதியில் கிடங்கில் ஒன்றுகூட இல்லையே. உங்கள் கணக்குப்படி வித்தியாசமே வரக்கூடாது. ஆனால் 40,000 வித்தியாசம் வருகிறது, அதுவும் அப்சார்ப்ஷனில்தான் குறைவாக இருக்கிறது. ‘எப்போதும் கூடுதல்’ என்றீர்களே?

முதல்வரவு

இது சரக்கை எந்த வரிசையில் வெளியே எடுத்ததாகக் கணக்கு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் வந்தது முதலில் போகும் என்று வைத்தால் ஒரு லாபம், சராசரி விலையில் வைத்தால் இன்னொரு லாபம். எங்கள் நிறுவனத்திலும் இதே குழப்பம் வந்தது. கணினி நிரலில் முறையை மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்கள் நிரலில் அந்த அமைப்பைப் பாருங்கள்.

கடைசிவரி

முதல்வரவு, நீங்கள் சொல்வது வேறு நோய்க்கான மருந்து. இவருக்கு மூன்று காலாண்டிலும் செலவு வீதம் ஒன்றே. பழைய சரக்கும் 60, புதிய சரக்கும் 60. எதை முதலில் எடுத்தால் என்ன, கடைசியில் எடுத்தால் என்ன? வீதம் மாறும்போது உங்கள் பேச்சுக்கு இடம் வரும். பின்னால் வருகிறேன்.

கிடங்குச்சாவி, விலை, கூலி, மூலப்பொருள், தரகு, அலுவலகச் செலவு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அவற்றை இரண்டு முறைகளும் ஒரே மாதிரிதான் நடத்துகின்றன. தரகு 5 விற்ற பொருளுக்கு மட்டும்தான். அலுவலக 50,000 அந்தந்தக் காலாண்டிலேயே போய்விடும். எந்த முறையிலும் அவை சரக்கின் விலையில் ஏறுவதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வுத்தாள்களில் மட்டுமன்றி அலுவலகங்களிலும் விற்பனைச் செலவைச் சரக்கில் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மிஞ்சுவது ஒன்றே ஒன்று: ஆலையின் 1,20,000. அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் போதும்.

கிடங்கில் ஓர் அடுக்கில் இருக்கும் ஒற்றைப் பொருளை எடுத்துப் பாருங்கள். மார்ஜினல் கணக்கில் அதன் மேல் 40 என்று சீட்டு ஒட்டியிருக்கும். அதைச் செய்ததால் கூடுதலாகச் செலவானது அவ்வளவுதான். வாடகை அந்தப் பொருளைச் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் போயிருக்கும் என்பது அந்த முறையின் வாதம். அப்சார்ப்ஷன் கணக்கில் அதே பொருளின் மேல் 60 என்று எழுதியிருக்கும். கூரையும் இயந்திரமும் மேற்பார்வையாளரும் இல்லாமல் இது உருவாகியிருக்காது, ஆகவே அவர்கள் பங்கு 20-ம் இதன் விலைதான் என்பது அதன் வாதம்.

இரண்டாம் காலாண்டின் கடைசி நாளில் அப்படி 2,000 பொருள்கள் அடுக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் 20 வாடகை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலாண்டுக்கு ஆன 1,20,000-இல் 40,000 லாபக் கணக்குக்கு வரவே இல்லை, சொத்து என்ற பெயரில் கிடங்கில் தங்கிவிட்டது. லாபக் கணக்கில் இறங்கியது 80,000 மட்டும். மார்ஜினல் கணக்கில் முழு 1,20,000-மும் இறங்கியது. லாபம் 40,000 கூடியதற்கு வேறு காரணம் இல்லை.

மூன்றாம் காலாண்டில் அந்த 2,000-மும் விற்றுப்போகின்றன. உள்ளே உட்கார்ந்திருந்த 40,000-மும் எழுந்து வெளியே வருகிறது. அந்தக் காலாண்டுக்கே உரிய 1,20,000 ஒருபக்கம், பழைய 40,000 இன்னொருபக்கம், ஆக 1,60,000 லாபக் கணக்கில் விழுகிறது. மார்ஜினலில் வழக்கமான 1,20,000 மட்டும். அதனால்தான் இப்போது அப்சார்ப்ஷன் லாபம் 40,000 குறைவு. தராசுமுள் இறுதி இருப்பை மட்டும் பார்த்தார், தொடக்க இருப்பை மறந்துவிட்டார். இரண்டாம் காலாண்டில் தொடக்க இருப்பு பூச்சியம் என்பதால் விடை தற்செயலாகச் சரியாக வந்தது.

மூன்று காலாண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு தாளிலும் 4,52,500. கை வைத்தவர் யாருமில்லை. ஒரு செலவு ஒரு காலாண்டு தள்ளிப் பயணம் செய்திருக்கிறது.

தராசுமுள்

ஒப்புக்கொள்கிறேன். ‘எப்போதும்’ என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இருப்பு ஏறினால் அப்சார்ப்ஷனில் லாபம் கூடும், இறங்கினால் குறையும், அப்படியே இருந்தால் இரண்டும் ஒன்று. இருப்பு எத்தனை அலகு மாறியதோ அதை வீதத்தால் பெருக்கினால் வித்தியாசம். இப்போது சரிதானே?

இரவுவகுப்பு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். செலவுக் கணக்கியல் படிக்கிறேன். எங்கள் பாடநூலில் உறிஞ்சற் கிரயம், எல்லைக் கிரயம் என்று இருக்கும். ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்களை முழு அறிக்கையாகப் போட்டுப் பழகலாம் என்று உட்கார்ந்தேன். மார்ஜினல் மூன்றும் சரியாக வந்துவிட்டன. அப்சார்ப்ஷனில் முதல் காலாண்டு சரி. இரண்டாவதில் எனக்கு 1,42,500 வருகிறது, மூன்றாவதில் 1,60,000.

நான் செய்தது இதுதான். இரண்டாம் காலாண்டு விற்பனை 5,50,000. விற்ற 5,500-க்கும் ஒன்றுக்கு 60 வீதம் 3,30,000. மீதம் 2,20,000. தரகு 27,500, நிலைச் செலவு 50,000. கழித்தால் 1,42,500. மூன்றாவதில் விலை 100-இல் 60 போக ஒன்றுக்கு மிஞ்சும் 40-ஆல் 6,000-ஐப் பெருக்கினால் 2,40,000, தரகும் நிலைச் செலவும் 80,000, மீதம் 1,60,000. மூன்றாம் காலாண்டில் மார்ஜினலுக்கும் இதுவே விடை. அப்படியானால் அந்தக் காலாண்டில் வித்தியாசமே இல்லையா?

கடைசிவரி

நல்ல வேளை, படிகளையும் எழுதிக் காட்டினீர்கள் அம்மா. நூற்றுக்கு எண்பது பேர் விழும் பள்ளம் இது. (எண்பது என்பது என் எரிச்சலின் அளவு, புள்ளிவிவரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நீங்கள் ஒன்றுக்கு 20 வீதம் ஏற்றினீர்கள். அந்த 20 என்பது 6,000 செய்வோம் என்ற எதிர்பார்ப்பில் முன்கூட்டியே போட்ட வீதம். இரண்டாம் காலாண்டில் 7,500 செய்ததால் 1,50,000 ஏற்றப்பட்டுவிட்டது. உண்மையில் ஆன செலவு 1,20,000 மட்டும். ஆகாத 30,000-ஐயும் செலவாகக் காட்டியிருக்கிறீர்கள், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1,42,500-உடன் 30,000 சேர்த்தால் 1,72,500.

மூன்றாவதில் நேர்மாறு. 4,000 மட்டும் செய்ததால் ஏறியது 80,000. ஆனது 1,20,000. மீதி 40,000 எந்தப் பொருளின் மேலும் ஏறாமல் அந்தரத்தில் நிற்கிறது, அதை அந்தக் காலாண்டிலேயே செலவாக எழுதிவிட வேண்டும். 1,60,000-இல் 40,000 போனால் 1,20,000. மார்ஜினல் விடையோடு உங்கள் விடை ஒத்துப்போனது இந்த எண்களில் நேர்ந்த தற்செயல். இப்படிப்பட்ட தற்செயல்தான் பிழையை மூடி மறைக்கும்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தொடக்கத்திலும் முடிவிலும் கிடங்கு காலியாக இருக்கும் ஒரு நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு முறைகளின் மொத்த லாபமும் ஒன்றாக இருந்தே தீரும். உங்கள் மூன்று விடைகளையும் கூட்டினால் 4,62,500. 10,000 மிகை. அது எங்கிருந்து வந்தது? மூன்று காலாண்டுக்கு இயல்பான அளவு 18,000. செய்தது 17,500. செய்யாத 500-க்கு 20 வீதம் 10,000 எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் கழிக்கப்படவுமில்லை.

ஊக்கத்தொகை

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பை விட்டு விலகினால் நடத்துநர் மன்னிக்கவும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் ஆலையில் உற்பத்தித் திட்டமிடுபவனாக இருந்தேன். பெயர் வேண்டாம். ஆலை மேலாளருக்கு அந்தக் காலாண்டு லாபத்தில் ஒரு பங்கு ஊக்கத்தொகை. காலாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது விற்பனைப் பிரிவிலிருந்து ஆர்டர் குறைகிறது என்று தாள் வரும். அதைப் பார்த்ததும் அவர் இரண்டாம் ஷிப்டைத் திறக்கச் சொல்வார். எனக்கு விளங்கவே இல்லை. ஆர்டர் குறையும்போது யாராவது உற்பத்தியைக் கூட்டுவார்களா? இயந்திரம் சும்மா இருக்கக்கூடாது என்பார். கிடங்கு நிரம்பி, நடைபாதையில் பலகை போட்டு அடுக்கி, மழைக்காலத்தில் தார்ப்பாய் வாங்கியது வரை நடந்தது. அறிக்கையில் லாபம் அழகாக இருந்தது. அவர் வேறு நிறுவனத்துக்குப் போன பிறகு வந்தவர்தான் பாவம், அந்த மலையை விற்றுத் தீர்க்கும் வரை அவருடைய ஒவ்வொரு காலாண்டும் இறங்குமுகம். ‘முந்தையவர் காலத்தில் எப்படி இருந்தது, இப்போது பாருங்கள்’ என்று மேலிடம் அவரைத்தான் திட்டியது.

கடைசிவரி

விலகவே இல்லை, நடுமையத்தில் அடித்திருக்கிறீர்கள். கேள்வி கேட்டவரின் எண்களிலேயே இதைக் காட்டலாம்.

எல்லாம் ரொக்கத்தில் நடக்கிறது என்றும், வேலை எளிதாகட்டும் என்று தேய்மானத்தையும் ரொக்கம் என்றுமே வைத்துக்கொள்வோம். முதல் காலாண்டில் கைக்கு வந்த பணம் 1,60,000. இரண்டாம் காலாண்டில் விற்காத 2,000 பொருளுக்கு ஒன்றுக்கு 40 வீதம் 80,000 வெளியே போய்விட்டது. 1,32,500-இல் 80,000 போனால் மிஞ்சியது 52,500. அறிக்கையில் லாபம் 12,500 கூடியிருக்கும் அதே காலாண்டில் பெட்டியில் பணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. மூன்றாவதில் 2,40,000 வந்திருக்கும். அறிக்கையோ அதை மூன்றில் மோசமான காலாண்டு என்கிறது.

எந்த முறையில் தயாரித்த அறிக்கை என்று தெரியாமலே சந்தேகப்பட இது போதும். லாபம் ஏறுகிறது, கிடங்கு இருப்பு அதைவிட வேகமாக ஏறுகிறது, ரொக்கம் இறங்குகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் சரக்குக்குள் எவ்வளவு நிலையான செலவு உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

இது இன்று நேற்று வந்த குழப்பம் அன்று. 1936-இல் அமெரிக்காவில் ஜொனாதன் ஹாரிஸ் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இதே காட்சி வரும். விற்பனை கூடிய மாதத்தில் லாபம் ஏன் குறைந்தது என்று நிறுவனத் தலைவர் கேட்கிறார். அங்கே நேரடிச் செலவு முறை என்று அழைக்கப்பட்ட மார்ஜினல் முறைக்கு அந்தக் கட்டுரையைத்தான் தொடக்கப்புள்ளியாகப் பலரும் காட்டுவார்கள்.

சிவப்புமை

தணிக்கையில் இருப்பவன். இரண்டாம் காலாண்டின் 1,72,500-ஐ அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

வெளியாருக்குக் கொடுக்கும் நிதி அறிக்கையில் மார்ஜினல் முறையில் சரக்கை மதிப்பிட முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரம் 2-ஐப் பின்பற்றினால் நிலையான உற்பத்திச் செலவின் பங்கைச் சரக்கில் சேர்த்தே ஆக வேண்டும், அதுவும் இயல்பான உற்பத்தித் திறனை அடிப்படையாக வைத்து. உற்பத்தி குறைந்த காலத்தில் ஒன்றுக்கான வீதத்தை உயர்த்தக்கூடாது. ஏறாமல் நிற்பதை அந்தக் காலத்திலேயே செலவாக எழுத வேண்டும். மூன்றாம் காலாண்டின் 40,000-க்கு நடந்தது அதுதான், சரி.

ஆனால் அதே பத்தியில் இன்னொரு வரியும் இருக்கிறது. உற்பத்தி இயல்புக்கு மீறி அதிகமான காலத்தில் ஒன்றுக்கான வீதத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சரக்கு அதன் உண்மையான செலவைவிடக் கூடுதலாக மதிப்பிடப்பட்டுவிடும். 7,500 செய்த காலாண்டில் 1,20,000-ஐ 7,500-ஆல் வகுத்தால் 16. அப்போது இருப்பில் தங்குவது 40,000 அன்று, 32,000. லாபம் 1,64,500. மூன்றாம் காலாண்டில் 1,28,000. கூட்டுத்தொகை அதே 4,52,500.

கடைசிவரி

பத்தி சரி. ஆனால் 6,000 இயல்பு என்றால் 7,500 ‘இயல்புக்கு மீறியது’ ஆகிவிடுமா? இயல்பான திறன் என்பதே பல காலங்களின் சராசரி. சராசரிக்கு மேலும் கீழும் காலாண்டுகள் ஊசலாடத்தான் செய்யும். கால்பங்கு கூடியதெல்லாம் அசாதாரணம் என்றால் வீதத்தை மாதாமாதம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சிவப்புமை

எத்தனை விழுக்காடு என்று தரம் வரையறுக்கவில்லை என்பது உண்மைதான். நான் என்றால் முந்தைய ஆண்டுகளின் காலாண்டு உற்பத்தியைக் கேட்பேன். 7,000, 7,500 என்று முன்பும் போயிருந்தால் விட்டுவிடுவேன். இதுவரை 6,200-ஐத் தாண்டியதே இல்லை என்றால் 16-ஐத்தான் கேட்பேன். நீங்கள் சொன்ன ‘திருப்பிக் கொடுத்த 30,000’ முழுவதையும் அந்தக் காலாண்டு லாபத்திலேயே விட்டுவிட்டது எனக்கு உறுத்துகிறது. அதில் 8,000 கிடங்கில் இருக்கும் சரக்குக்கு உரியது.

கடைசிவரி

உள்நிர்வாக அறிக்கையில் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. இதில் நாம் உடன்படப் போவதில்லை.

தராசுமுள்

என் கேள்வி நடுவில் காணாமல் போய்விட்டது. இருப்பு மாறிய அலகுகளை வீதத்தால் பெருக்கினால் வித்தியாசம் வந்துவிடும் என்றேன். சரியா, தவறா?

கடைசிவரி

வீதம் மாறாதவரை சரி. வீதம் மாறினால் தவறு. முதல்வரவு, உங்கள் முறை இப்போதுதான் வந்திருக்கிறது.

ஓர் ஆண்டின் தொடக்கத்தில் கிடங்கில் 2,000 இருக்கின்றன, ஒன்றுக்கு 20 ஆலைச் செலவோடு. உள்ளே இருப்பது 40,000. புதிய ஆண்டில் வாடகை ஏறியதால் வீதம் 24 ஆகிவிடுகிறது. ஆண்டு முடிவில் 1,800 மீதம். பழையது முதலில் போய்விட்டது என்று வைத்தால், அந்த 1,800-மும் புதிய சரக்கு. உள்ளே இருப்பது 43,200. இருப்பு 200 குறைந்திருக்கிறது, ஆனாலும் அப்சார்ப்ஷன் லாபம்தான் 3,200 கூடுதல். இருப்பு இறங்கினால் லாபம் குறையும் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே வழுக்கி விழுவார். இறுதியிலும் அதே 2,000 மீதம் இருந்திருந்தால் எண்ணிக்கையில் மாற்றமே இல்லாமல் 8,000 வித்தியாசம் வந்திருக்கும். சராசரி விலையில் மதிப்பிட்டால் இந்த எண்கள் இன்னும் வேறாக இருக்கும்.

ஆகவே அலகை எண்ணாதீர்கள். தொடக்க இருப்புக்குள் எவ்வளவு நிலையான செலவு இருந்தது, இறுதி இருப்புக்குள் எவ்வளவு இருக்கிறது, இரண்டையும் பாருங்கள். இறுதியில் கூடியிருந்தால் அந்த அளவுக்கு அப்சார்ப்ஷன் லாபம் கூடுதல், குறைந்திருந்தால் குறைவு.

முதல்வரவு

நான் முதலிலேயே சொன்னேன்!

இரவுவகுப்பு

வேறொன்று சொன்னீர்கள் ஐயா.

எனக்கு இன்னொரு ஐயம். ஊக்கத்தொகை அவர்களின் கதையைப் படித்த பிறகு மார்ஜினல் முறைதான் நேர்மையானது என்று தோன்றுகிறது. பிறகு ஏன் உலகம் முழுவதும் அப்சார்ப்ஷனைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

ஊக்கத்தொகை

நானும் அதைத்தான் கேட்கிறேன். விற்றால்தான் லாபம். மார்ஜினலில் கிடங்கை நிரப்பி ஒரு காசுகூட லாபம் காட்ட முடியாது.

பருவக்காற்று

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாங்கள் செய்யும் பொருள் ஆண்டில் மூன்று மாதம்தான் விற்கும், ஒன்பது மாதம் செய்து அடுக்கிக்கொண்டே இருப்போம். மார்ஜினல் முறையில் அறிக்கை போட்டால் ஒன்பது மாதமும் நிலைச்செலவு முழுவதும் நட்டமாக விழும், கடைசி மூன்று மாதத்தில் திடீரென்று பொற்காலம் பிறக்கும். அந்த ஒன்பது மாதம் ஆலையில் நடந்த வேலைக்கு எந்த மதிப்பும் இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. எங்களுக்கு அது பொய். எங்கள் கிடங்கு நிரம்புவது ஊக்கத்தொகைக்காக அன்று, பருவம் வரும் என்பதற்காக.

இன்னொரு தொல்லையும் உண்டு. மார்ஜினல் தாளை விற்பனைப் பிரிவின் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘செலவு 45 தானே, 55-க்குக் கொடுத்தாலும் 10 மிஞ்சுகிறதே’ என்று வருகிற ஒவ்வோர் ஆர்டருக்கும் விலையை இறக்குவார்கள். இயந்திரம் சும்மா கிடக்கும்போது ஒரே ஒரு தடவை அப்படி எடுத்தால் நியாயம் உண்டு. 6,000-த்தையும் 55-க்கு விற்றால் வருவது 60,000. கட்ட வேண்டியது 1,70,000. எங்களிடம் இப்படி ஓர் ஆண்டு போனது.

ஊக்கத்தொகை

பருவச் சரக்குக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். ஆனால் அந்தப் பருவம் வராமல் போனால்? கிடங்கில் இருக்கும் வாடகை அப்போதும் சொத்தா?

பருவக்காற்று

விற்று வரக்கூடிய தொகை அடக்கத்துக்குக் கீழே போனால் அந்த அளவுக்குக் குறைத்து எழுதத்தான் வேண்டும். அது எல்லாருக்கும் உள்ள விதி. ஆனால் அந்த நாள் வரும்வரை முன்கூட்டியே நட்டம் எழுதச் சொல்லாதீர்கள்.

சிவப்புமை

குறைத்து எழுத வேண்டிய நாள் வந்துவிட்டது என்று எங்களிடம் தானாக வந்து சொன்ன ஒரு நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசிவரி

இரண்டு பேரும் சரி என்று சொல்லித் தப்பிக்க மனமில்லை. உள்ளே முடிவெடுக்க மார்ஜினல், வெளியே காட்ட அப்சார்ப்ஷன், இரண்டுக்கும் நடுவே ஒரு வரியில் வித்தியாசத்தின் காரணம். நான் வேலை பார்த்த இடங்களில் இப்படித்தான் வைத்திருந்தேன். பருவக்காற்று சொன்ன விலையிறக்கத் தொல்லைக்கு அந்த ஒரு வரி மருந்தாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கிடங்குச்சாவி, உங்கள் அறிக்கையின் அடியில் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் இப்படி:

```
                              காலாண்டு 1   காலாண்டு 2   காலாண்டு 3
மார்ஜினல் லாபம்                1,60,000     1,32,500     1,60,000
+ இறுதி இருப்பில் ஆலைச் செலவு          0       40,000            0
- தொடக்க இருப்பில் ஆலைச் செலவு         0            0       40,000
அப்சார்ப்ஷன் லாபம்             1,60,000     1,72,500     1,20,000
```

சிவப்புமை பக்கம் சாய்ந்தால் 40,000 வரும் இரண்டு இடத்திலும் 32,000 போட்டுக்கொள்ளுங்கள்.

கிடங்குச்சாவி

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை பழைய உற்பத்திப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தக் காலாண்டிலும் 6,400-ஐத் தாண்டியதில்லை. சிவப்புமை சொன்ன 16-ஐப் பற்றி எங்கள் தணிக்கையாளரிடம் நாளை பேசப்போகிறேன்.

பதிவேட்டில் இன்னொன்றும் கிடைத்தது. 7,500-க்கான உற்பத்தி ஆணையில் கையெழுத்து என்னுடையது. இயந்திரம் சும்மா இருக்கக்கூடாது என்று அப்போது நானும் சொன்னதாகத்தான் நினைவு. அடுத்த மாதம் பிரிவு முழுவதற்கும் ஒரு சிறு தொகை வந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஊக்கத்தொகை

தார்ப்பாய் வாங்கினீர்களா?

கிடங்குச்சாவி

அந்த ரசீதும் இருக்கிறது. அதை அலுவலகச் செலவில் எழுதியிருக்கிறார்கள். அது ஆலைச் செலவில் வர வேண்டுமா?

சிவப்புமை

செய்து முடித்த சரக்கைக் காக்கும் செலவு சரக்கின் விலையில் ஏறாது. அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் இடையில் வைத்தே ஆக வேண்டியிருந்தால் கதை வேறு. உங்களுடையது எது?